வானவில்லின் ஓரத்தில் ஒரு தொடர்

வானவில்லின் ஊதா விளிம்புக்கு உள்ளே சில சமயம் மெல்லிய பட்டைகள் மாறிமாறித் தெரியும். ஒளி அங்கே எவ்வளவு, எங்கே மங்குகிறது என்று 1838-இல் கணக்கிட்டவர் ஆங்கிலேய வானியலர் ஜார்ஜ் பிடல் ஏரி. அந்தக் கணக்கு இன்று அவர் பெயர் தாங்கிய சமன்பாட்டில் வந்து நிற்கிறது:

y'' = x y

பார்க்க எளிது. ஆனால் பள்ளியில் படித்த சைன், மடக்கை, அடுக்குக்குறிச் சார்பு எதுவும் இதன் விடையாகாது. பெயரில்லாத அந்த விடையை நாமே கட்ட வேண்டும். x = 0 என்ற இடத்தில் சமன்பாட்டின் கெழுக்கள் எதுவும் வெடிப்பதில்லை. அதைச் சாதாரணப் புள்ளி என்பார்கள். அங்கே விடையை ஓர் அடுக்குத் தொடராக எழுதலாம் என்பதற்கு உத்தரவாதம் உண்டு:

y = a₀ + a₁x + a₂x² + a₃x³ + …

இருமுறை வகையிட்டால்:

y'' = 2a₂ + 6a₃x + 12a₄x² + 20a₅x³ + …

வலப்பக்கத்தில் x-ஆல் பெருக்கினால் எல்லா உறுப்புகளும் ஒரு படி மேலே நகரும்:

xy = a₀x + a₁x² + a₂x³ + …

இரண்டும் எல்லா x-க்கும் சமமாக இருக்க ஒரே வழி, ஒவ்வோர் அடுக்கின் கெழுவும் சமமாவதுதான். x இல்லாத உறுப்பு இடப்பக்கம் மட்டுமே இருக்கிறது. ஆகவே 2a₂ = 0. பொதுச் சூத்திரத்துக்கு அவசரப்படுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். பிறகு 6a₃ = a₀, 12a₄ = a₁, 20a₅ = a₂. n = 1 முதல் பொதுவாக:

(n+2)(n+1) aₙ₊₂ = aₙ₋₁

இதுதான் மீள்தொடர்பு. ஒரு கெழு தெரிந்தால் மூன்று படி தள்ளியிருப்பது கிடைத்துவிடும். a₂ பூச்சியம் என்பதால் a₅, a₈ எல்லாம் பூச்சியம். a₀, a₁ மட்டும் நம் விருப்பம்; இரண்டாம் வரிசைச் சமன்பாட்டுக்கு இரண்டு சுதந்திரங்கள் இருந்தாக வேண்டுமல்லவா? a₀ = 1, a₁ = 0 என்று வைத்தால்:

y = 1 + x³/6 + x⁶/180 + …

சரிபார்ப்போம். x³/6 இருமுறை வகையிட்டால் x வரும். X⁶/180 இருமுறை வகையிட்டால் x⁴/6 வரும். இரண்டையும் கூட்டினால் x(1 + x³/6). பொருந்துகிறது.

எந்த x-க்கும் இந்தத் தொடர் ஒருங்கும். ஆனால் ஒருங்குவது வேறு, கணக்குக்கு உதவுவது வேறு. பட்டைகள் வரும் எதிர்மப் பக்கத்தில் x = −10 என்று போட்டுப் பாருங்கள். உறுப்புகள் குறி மாறி மாறி ஏறி, பத்தாவது வகுத்தலுக்குப் பின் சுமார் 6.4 கோடியைத் தொடும். அதன் பிறகுதான் இறங்கும். கடைசி விடையோ ஏறத்தாழ −0.2. கோடிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எஞ்சுவது அவ்வளவே. எட்டு இலக்கம் வைத்துக் கூட்டினால் அந்த விடையில் ஓர் இலக்கத்தைக்கூட நம்ப முடியாது. மிகப் பெரிய உறுப்பையும் விடையையும் ஒப்பிட்டாலே எத்தனை இலக்கம் பறிபோயிற்று என்று தெரிந்துவிடும். தொலைவிலுள்ள பட்டைகளுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. 1850-ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதைக் கண்டார்: பெரிய x-க்கு மட்டுமே பயன்படும், முடிவில்லாமல் நீட்டினால் ஒருங்காத ஒரு தொடர். முதல் சில உறுப்புகளோடு நிறுத்திக்கொண்டால், அதுவே துல்லியமான விடையைத் தந்தது.