கோடித் துணியில் தங்கியிருப்பவை

புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, தண்ணீரில் நனைக்காமல் அப்படியே உடுத்துவது நம் இல்லங்களின் வழக்கம். ‘கோடி’ என்ற சொல்லே நீர் படாத புதுத் துணியைத்தான் குறிக்கிறது. ஆனால் இன்றைய கோடியில் நூலும் நிறமும் மட்டும் இருப்பதில்லை. ஆலையில் ஏற்றப்பட்டு, முழுவதும் அகற்றப்படாத சில பொருள்களும் அதில் தங்கியிருக்கின்றன.

அடர் சிவப்புப் பருத்திக் குர்தா ஒன்றை எடுத்துக்கொள்வோம். இத்தகைய துணிகளுக்கு இன்று பெரும்பாலும் ‘ரியாக்டிவ்’ என்னும் வகைச் சாயமே பயன்படுகிறது. சாயத் தொட்டியில் உப்பு சேர்ப்பார்கள். அது சாயத்தை நீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளுகிறது. பின்னர் சோடா சாம்பல் சேர்த்ததும் சாயம் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்புக் கொள்கிறது. அவ்வாறு பிணைந்த சாயம் எளிதில் போகாது. ஆனால் அதே தொட்டியில் ஒரு பகுதிச் சாயம் இழைக்குப் பதிலாக நீருடனேயே வினைபுரிந்துவிடுகிறது. அதன் பிறகு அது எந்த இழையோடும் பிணைய இயலாது. துணியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். இதை அகற்றுவதற்காகவே ஆலையில் கொதிநிலையை நெருங்கிய சோப்பு நீரில் பலமுறை அலசுகிறார்கள். அலசலுக்கு நீரும் வெப்பமும் நேரமும் செலவாகும். அந்தச் செலவைச் சுருக்கினால், மிச்ச வேலை நம் வீட்டு வாளிக்கு வந்து சேர்கிறது.

ஆகவே முதல் சலவையில் நீர் சிவந்தால் துணி மட்டமானது என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று சலவைகளில் நீர் தெளிந்துவிட்டால், போனது ஒட்டாத மிச்சச் சாயமே. ஐந்தாறு சலவைக்குப் பின்னும் நீர் நிறமாகவே இருந்து துணியும் வெளுத்துவந்தால், சாயமிட்டதிலேயே குறை என்று கொள்ளலாம். நீல ஜீன்ஸ் மட்டும் இதற்கு விலக்கு. அதில் உள்ள இண்டிகோ இழையோடு வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. நூலின் புறப்பரப்பில் படிந்திருக்கிறது. தேய்ந்து வெளுப்பதே அதன் இயல்பு.

சாயம் போகுமா என்று அறியும் வழி எளிது. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணியின் உட்புறத் தையலில் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்த ஆடையைத் தனியே, உட்புறம் வெளியாகத் திருப்பி, குளிர்ந்த நீரில் துவைப்பது நல்லது. துவைத்ததும் உடனே விரித்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் ஒரு பகுதியின் சாயம் மற்றொரு பகுதிக்கு ஏறிவிடும். சாயம் நிற்கட்டும் என்று உப்பு நீரில் ஊறவைப்போர் பலர். உப்பு மிச்சச் சாயத்தைத் துணியிலேயே சற்று நேரம் பிடித்துவைக்குமேயன்றிப் பிணைக்காது. நீர் தெளிவாகத் தெரியும். சாயமோ அடுத்த சலவைக்குக் காத்திருக்கும்.

அடுத்தது, அலுவலகம் செல்வோர் விரும்பி வாங்கும் சுருக்கம் விழாத பருத்திச் சட்டை. (எங்கள் கிளையிலும் பாதிப் பேர் அதைத்தான் அணிகிறார்கள்.) பருத்தி இயல்பாகவே கசங்கும் இழை. அதன் மூலக்கூறுகளை ஒரு பிசின் கொண்டு குறுக்காகப் பிணைத்து, சூடேற்றிப் பதப்படுத்தினால் கசங்குவது குறையும். வழக்கமாகப் பயன்படும் அந்தப் பிசின் ஃபார்மால்டிஹைடு கொண்டு செய்யப்படுவது. பிணையாமல் நின்ற சிறிதளவு ஃபார்மால்டிஹைடு துணியில் எஞ்சுகிறது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் மூக்கை உறுத்தும் நெடி வந்தால் இதை ஐயுறலாம். ஜப்பான் தன் சட்டத்தில் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. தோலை ஒட்டி அணியும் பெரியோர் ஆடைக்குப் பத்து லட்சத்தில் 75 பங்கு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடையிலோ அது கண்டறியப்படவே கூடாது.

பெரும்பாலோருக்கு இந்த அளவு தீங்கு செய்வதில்லை. ஒவ்வாமை உடையோருக்குத்தான் அக்குள், கழுத்து, தொடையின் உட்புறம் எனத் துணி வியர்வையோடு உராயும் இடங்களில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். அதுவும் ஓரிரு நாள் கழித்தே தோன்றுவதால், பழி பெரும்பாலும் உணவின் மேல் விழுகிறது. ஃபார்மால்டிஹைடு நீரில் நன்கு கரையும் ஆதலால், ஒரு சலவையே தங்கிநிற்பதில் பெரும்பகுதியை நீக்கிவிடும். எனினும் வெப்பமும் ஈரமும் பட்டால் பிசினே சிறிது சிறிதாகச் சிதைந்து மீண்டும் அதை வெளிவிடும். ஆகவே ஒவ்வாமை உறுதியானவர்கள் துவைத்தால் போதும் என்றிராமல் இத்தகைய சட்டையைத் தவிர்ப்பதே தகும். பாலியெஸ்டருக்கு ஏற்றும் சில அடர் நீலச் சாயங்களால் தோல் அழற்சி கொள்வோருக்கும் இதுவே பொருந்தும்.

சரிகைப் பட்டுக்கு இவை எதுவும் பொருந்தாது. வீட்டு வாளியில் நனைத்தால் பட்டின் பளபளப்புக் குன்றும். கரையின் நிறம் உடலில் இறங்கிவிடவும் கூடும். நிழலில் ஒரு நாள் காற்றாட விரித்து வைத்து, பருத்தி உள்ளாடையின் மேல் உடுத்தலாம். சலவைக்கு உலர் சலவையகமே உரிய இடம்.