வேகம் இருந்தும் தாமதம் ஏன்?

பங்சாரில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் இணைய வேகத்தைச் சோதித்தால், விநாடிக்கு 300 மெகாபிட் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆனால், செய்தி இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் ஐந்து விநாடிவரை வெண்திரையே தெரிகிறது. பிறகு எழுத்தும் படமும் மளமளவென்று வந்துவிடுகின்றன. ஓடத் தொடங்கிய காணொலியும் இடையில் நிற்பதில்லை. தொடங்குவதற்கு மட்டும் தாமதம் ஏற்பட்டால், டிஎன்எஸ் சேவையகத்தின் மீது ஐயம் கொள்ளலாம்.

கணினி ஓர் இணையத்தளத்தை அடைய, அதன் பெயருக்குரிய எண் முகவரி தேவை. அதைத் தேடித் தருவதே டிஎன்எஸ் சேவையகத்தின் வேலை. வேகச் சோதனையில் இந்தத் தேடல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதன் பிறகே தரவின் வேகம் அளக்கப்படும். எனவே, தேடலில் ஏற்படும் தாமதம் சோதனை முடிவில் தெரிவதில்லை. செய்திப் பக்கமோ படம், விளம்பரம், எழுத்துரு எனப் பல இடங்களிலிருந்து பொருள்களை வரவழைக்கும். ஒவ்வொரு புதிய பெயருக்கும் தனித் தேடல் வேண்டும். பதில் வராவிட்டால் கணினி காத்திருந்து மீண்டும் கேட்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தக் காத்திருப்பு வழக்கமாக 5 விநாடியாகும்.

ஐயம் சரிதானா என்பதை அறிய, ஒரே பெயரை இரண்டு சேவையகங்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கணினியின் கட்டளைச் சாளரத்தில் இவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டும்:

```
nslookup www.moe.gov.my
nslookup www.moe.gov.my 8.8.8.8
```

முதல் கட்டளை வீட்டில் வழக்கமாகப் பயன்படும் சேவையகத்தைக் கேட்கிறது. இரண்டாவது கூகள் நிறுவனத்தின் பொதுச் சேவையகத்தைக் கேட்கிறது. முதலாவது தயங்கி, இரண்டாவது உடனே பதில் தந்தால் பழுது எங்கே என்பது புலப்படும். ஒரு முறை சோதித்தால் போதாது. ஒருமுறை தேடிய விடையைச் சேவையகம் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அதே பெயரை மறுபடி கேட்டால் மந்தமான சேவையகமும் விரைந்து பதில் சொல்லும். ஆகவே, ஒவ்வொரு முறையும் வேறு பெயரைக் கேட்பதே முறை. இரண்டுமே விரைவாகப் பதில் தந்தால் டிஎன்எஸ் மீது குற்றமில்லை. வைஃபை இணைப்பையோ தொலைவிலுள்ள இணையத்தளத்தையோ ஆராய வேண்டும்.

இந்தச் சோதனையே பொருளற்றுப் போகும் சூழலும் உண்டு. 2024 செப்டம்பரில், பொதுச் சேவையகங்களுக்குச் செல்லும் தேடல்களைத் தங்கள் சொந்தச் சேவையகங்களுக்கே திருப்பிவிடுமாறு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்தது. தீங்கான இணையத்தளங்களைத் தடுப்பதே நோக்கம் என ஆணையம் விளக்கியது. சில நிறுவனங்கள் செயல்படுத்தவும் தொடங்கின. அத்தகைய இணைப்பில் 8.8.8.8 என்று கேட்டாலும் பதில் தருவது சேவை நிறுவனத்தின் சேவையகமே. இரண்டு கட்டளைகளும் ஒரே இடத்திற்குச் சென்றால் ஒப்பிட எதுவுமில்லை. பொதுமக்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, பங்சாரை உள்ளடக்கிய லெம்பா பந்தாய் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் தொடர்புத் துறை அமைச்சருமான ஃபாமி ஃபட்சில், செப்டம்பர் 8ஆம் நாள் அத்திட்டத்தைத் தொடர வேண்டாம் என அறிவித்தார்.