பச்சைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்

ஸ்டூடியோக்காரர் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டு லேப்டாப்பில் செருகினால் நாதஸ்வரம் கேட்கிறது, படம் வரவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்தது இது. போன் செய்து கேட்டதற்கு, "வி.எல்.சி. டவுன்லோட் பண்ணிக்கோங்க சார், ஓடும்" என்றிருக்கிறார்கள். அவரும் தேடினார். மேலாக வந்த தளத்தைத் திறந்து, கண்ணில் பட்ட பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்தார். "படம் நல்லாத்தான் ஓடுது தம்பி. ஆனா இன்டர்நெட்டைத் திறந்தா வேற ஏதோ பக்கம் வருது. மூலையில நிமிஷத்துக்கு ஒருதரம் வைரஸ் இருக்குன்னு ஒரு பெட்டி எட்டிப் பார்க்குது."

பார்த்தேன். அவர் கேட்ட வி.எல்.சி. சரியாகவே வந்திருந்தது. அதோடு அவர் கேட்காத மூன்று நிரல்களும் வந்திருந்தன. போலி டவுன்லோட் தளங்களின் சாமர்த்தியமே இதுதான். கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

வி.எல்.சி. இலவச மென்பொருள். வீடியோலேன் என்ற பிரெஞ்சு லாப நோக்கற்ற அமைப்பு அதை வெளியிடுகிறது. அதில் விளம்பரம் கிடையாது. அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒருவர் தளம் நடத்தி, காசு கொடுத்து விளம்பரமும் செய்து, அதை ஏன் நமக்குத் தர வேண்டும்? பதில் அந்த மூன்று நிரல்களில் இருக்கிறது. நம் கணினியில் தங்கள் நிரல் ஒன்று ஏறினால் இவ்வளவு என்று தலைக்குக் கூலி தரும் நிறுவனங்கள் உண்டு. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் 2016இல் இந்தத் தொழிலை ஆராய்ந்தன. ஒரு கணினிக்கு 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை கூலி போவதாகக் கண்டார்கள். வேண்டாத மென்பொருள் பற்றி கூகுள் அப்போது வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளைக் காட்டிவந்தது. இது வைரஸ் பற்றிய எச்சரிக்கைகளைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம்.

இந்தியாவில் வி.எல்.சி.க்குத் தனியாக ஒரு சோதனையும் வந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து அதன் சொந்தத் தளமான videolan.org இங்கே பல இணைப்புகளில் திறக்கவில்லை. வீடியோலேன் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பிய பிறகு, அந்த ஆண்டு நவம்பரில்தான் தடை நீங்கியது. தடை தளத்துக்குத்தான், வி.எல்.சி. தேவைப்பட்டவர்கள் தேடிக்கொண்டேதான் இருந்தார்கள். அசல் கடை மூடியிருக்க, பக்கத்திலிருந்த போலிக் கடைகளுக்குக் கூட்டம் போனது. இன்று அசல் கடை திறந்துதான் இருக்கிறது. அதை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் கேள்வி.

முதலில் முகவரி. தேடல் முடிவுகளில் மேலே நிற்பது அசலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. Sponsored என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். டவுன்லோட் விஷயத்தில் அதைத் தாண்டிக் கீழே போவதே நல்லது. தளம் திறந்ததும் மேலே உள்ள முகவரியை வாசியுங்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், ஆளின் பெயர் கடைசியில் வரும். இணைய முகவரியும் அப்படித்தான். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதே உரிமையாளரின் பெயர். get.videolan.org என்றால் ஆள் videolan.org, முன்னால் இருப்பது இனிஷியல். videolan.org.setup.example என்று இருந்தால் ஆள் setup.example, வீடியோலேன் என்பது அவர் தானாக மாட்டிக்கொண்ட இனிஷியல். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்லும். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது.

கண்ணே ஏமாறும் இடமும் உண்டு. கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கீபாஸ் மென்பொருளுக்கு 2023 அக்டோபரில் கூகுளில் ஒரு போலி விளம்பரம் வந்தது. விளம்பரத்தில் தெரிந்தது அசல் முகவரி keepass.info. அழுத்தினால் திறந்ததோ ķeepass.info. முதல் எழுத்தின் அடியில் திரைத் தூசி போல ஒரு சிறு குறி, அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு ஒரே மருந்து, முக்கியமான முகவரிகளைத் தேடலில் பிடிக்காமல் நாமே தட்டச்சு செய்வது. கையால் அடிக்கும்போது அந்தக் குறி தானாக வந்து ஒட்டாது.

அடுத்தது பொத்தான். அசல் வி.எல்.சி. பக்கத்தில் Download VLC என்று ஆரஞ்சு நிறப் பொத்தான் இருக்கும். பதிப்பு எண்ணும் இருக்கும். போலிப் பக்கத்தில் Download, Start Now, Continue என்று நான்கைந்து நிற்கும். அவற்றில் பெரியதும் பளிச்சென்றதும் பெரும்பாலும் விளம்பரப் படம். அழுத்தாமல் மவுஸ் அம்பை அதன் மேல் வைத்துப் பாருங்கள். உலாவியின் இடது கீழ் மூலையில் அது எங்கே கூட்டிப்போகும் என்று தெரியும். சம்பந்தமில்லாத பெயரும் நீண்ட எழுத்துக் குவியலும் தெரிந்தால் விட்டுவிடலாம். சில பக்கங்கள், நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட Allow அழுத்துங்கள் என்று கேட்கும். அந்த Allow சோதனைக்கானது அல்ல. நம் திரையில் அறிவிப்புகளைக் காட்ட நாம் கொடுக்கும் அனுமதி அது. ஆசிரியரின் திரை மூலையில் எட்டிப் பார்த்த பெட்டி இந்த வழியாகத்தான் வந்தது. அதை வைரஸ் கண்டுபிடிக்கவில்லை. ஒரு விளம்பரதாரர் அனுப்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, இறங்கிய கோப்பு. அதைத் திறப்பதற்கு முன் அரை நிமிடம் பார்த்தால் போதும். வி.எல்.சி.யின் விண்டோஸ் கோப்பு vlc-3.0.21-win64.exe என்பது போல, பதிப்பு எண்ணோடு இருக்கும். அளவு 40 எம்.பி. சுமார். ஆசிரியரின் லேப்டாப்பில் இறங்கியிருந்த கோப்பு 2 எம்.பி.கூட இல்லை. அது வி.எல்.சி.யே அல்ல, வி.எல்.சி.யையும் மற்றவற்றையும் பிறகு இழுத்துவரும் தரகர். பாட்டோ படமோ கேட்ட இடத்தில் .exe அல்லது .apk என்று முடியும் கோப்பு வந்தால் அந்த நொடியே அழித்துவிடலாம். பாட்டுக்கு நிரல் தேவையில்லை.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி Properties திறந்து, Digital Signatures பகுதிக்குப் போங்கள். வெளியிட்டவரின் மின்னணுக் கையெழுத்து அங்கே இருக்கும். வி.எல்.சி. என்றால் VideoLAN என்று இருக்க வேண்டும். நிறுவும்போது, இந்த நிரல் கணினியில் மாற்றம் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும் பெட்டியிலும் Verified publisher என்று இதே பெயர் வரும். வீடியோலேன் தன் கோப்பை உலகெங்கும் பல கிடங்குகளில் வைத்திருக்கிறது. அதனால் அசல் பக்கத்தில் அழுத்தினாலும் கோப்பு வேறு முகவரியிலிருந்து வரலாம். அப்போது நம்பத்தக்க சாட்சி இந்தக் கையெழுத்துதான். ஆனால் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, யாருடையது என்று படிக்க வேண்டும். கீபாஸ் பெயரில் வந்த அந்தப் போலிக் கோப்பிலும் முறையான கையெழுத்து இருந்தது. பிறகும் சந்தேகம் இருந்தால் virustotal.com தளத்தில் கோப்பை ஏற்றலாம். பல வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தீர்ப்பை ஒரே பக்கத்தில் காட்டும். புத்தம் புதிய மோசடிக் கோப்பு அங்கேயும் தப்பிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடைசி வாசல் நிறுவும் பெட்டி. அசல் வி.எல்.சி. மொழி கேட்கும், உரிமம் காட்டும், என்னென்ன பகுதிகள் வேண்டும், எந்த இடத்தில் வைக்கட்டும் என்று கேட்கும். வேறொருவரின் பொருளை நடுவில் நீட்டாது. தரகர் நீட்டுவார். உரிமப் பக்கம் போலவே ஒரு பக்கம் வரும், Accept பளிச்சென்றும் Decline மங்கலாகவும் இருக்கும். மேலே படித்தால் அது ஏதோ ஒரு தேடல் பட்டைக்கோ 'கணினி வேகமாக்கி'க்கோ நாம் தரும் சம்மதம். Express என்பதை விட்டு Custom தேர்ந்தால், முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பவை வெளியே தெரியும். டிக்கை எடுப்பதைவிட, இப்படி ஒரு பக்கம் வந்தாலே பெட்டியை மூடிவிட்டு அசல் தளத்துக்குப் போவது நல்லது.

போனில் கதை கொஞ்சம் மாறும். வி.எல்.சி. ப்ளே ஸ்டோரிலேயே Videolabs என்ற பெயரில் இருக்கிறது. யூடியூப் வீடியோவை இறக்கித் தரும் செயலிகளை ப்ளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. அதனால் அவை வெளியிலிருந்து .apk கோப்பாக வருகின்றன. நிறுவுவதற்கு முன், தெரியாத இடத்துச் செயலிக்கு அனுமதி கொடு என்று போன் கேட்கும். அந்தக் கதவைத் திறந்துவிட்டால் அந்தச் செயலியைக் கடைக்காரர் யாரும் சோதித்திருக்க மாட்டார். அது கேட்கும் அனுமதிகளை எண்ணிப் பாருங்கள். வீடியோ இறக்கச் சேமிப்பிடம் போதும். குறுஞ்செய்தியைப் படிக்கவும், Accessibility வழியாகத் திரையைக் கையாளவும் கேட்டால் அதன் கண் நம் ஓ.டி.பி. மீது.

ஏற்கெனவே அழுத்திவிட்டவர்கள் என்ன செய்வது? ஆசிரியரின் லேப்டாப்பில் Settings திறந்து, Apps பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினேன். கல்யாண வீடியோ பார்த்த அன்று ஏறிய நான்கும் அடுத்தடுத்து நின்றன. வி.எல்.சி. உட்பட நான்கையும் நீக்கினேன். குரோமில் தெரியாத நீட்சி ஒன்றை எடுத்தேன். Site settings பகுதியில் Notifications போய், அனுமதி பெற்றிருந்த தளங்களை அகற்றினேன். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு நிரலால் முழுச் சோதனை ஓட்டினேன். அதிலேயே App & browser control பகுதியில் Potentially unwanted app blocking என்று ஒன்று உண்டு. அது அணைந்திருந்தது, போட்டுவிட்டேன். அவருடைய கடவுச்சொற்களைப் போனிலிருந்து மாற்றச் சொன்னேன். ஏனென்றால் விளம்பரம் காட்டும் நிரலா, கடவுச்சொல் திருடும் நிரலா என்பதை வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாது. வங்கிப் பணம் போயிருந்தால் இத்தனைக்கும் முன்பு 1930க்கு அழைத்திருக்க வேண்டும்.

பிறகு அவரையே உட்காரவைத்து videolan.org என்று எழுத்தெழுத்தாக அடிக்கச் சொன்னேன். 10 நிமிடத்தில் மாப்பிள்ளை அழைப்பு ஓடத் தொடங்கியது. அந்த முகவரியை அவர் டெலிபோன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் அடிக்கடி தேவைப்படும் நான்கைந்து மென்பொருள்களின் முகவரிகளை நீங்களும் அப்படி எழுதி வையுங்கள். தேட வேண்டிய அவசியம் இல்லாதவரைப் போலித் தளம் பிடிப்பது கடினம்.