மேலிருந்து ஒரு படம்

சேலையூர் நண்பர் ஒருவர் கொளத்தூரிலிருந்து மீன்தொட்டி வாங்கி வந்தார். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். செடிகளை எப்படி வைப்பது என்று கேட்டு இரண்டு படங்களை அனுப்பினார். முதல் படம் குட்டிக் காடு: நடுவில் பெரிய மரக்கட்டை, முன்கண்ணாடி வரை செடிகள். இரண்டாவதில் கட்டை இடது ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. செடிகள் பின்னால், முன்னால் வெறும் மணல். அவருக்குப் பிடித்தது முதல் படம்.

மீனுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது? அளக்க ஸ்கேல் படத்திலேயே இருக்கிறது. போன் திரையில் தொட்டி 12 செ.மீ. நீளம், நிஜத்தில் 60. ஆகத் திரையின் 1 செ.மீ. சுமார் 5 செ.மீ. நடுக்கட்டை திரையில் 4 செ.மீ. என்றால் தொட்டியில் 20. இருபுறமும் மிஞ்சுவது இருபது இருபதுதான். நாள் முழுக்க நீந்தித் திரியும் ஜீப்ரா மீனின் நீளம் சுமார் 4 செ.மீ. தன் உடலைப் போல ஐந்து மடங்கு தூரம் போனதுமே அது திரும்ப வேண்டும். ஐந்தரை அடி மனிதருக்கு அது இருபத்தேழரை அடி வராந்தா! கட்டை ஓரத்தில் இருந்தால் வராந்தா ஏறக்குறைய இரண்டு மடங்காக நீளும்.

இனிதான் விந்தை. தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வரும் ஒளி வளைகிறது. இதை ஒளிவிலகல் என்பார்கள். அதனால் நேர் முன்னால் நின்று பார்த்தால் ஒரு அடி அகலத் தொட்டி முக்கால் அடியாகத் தெரியும். பின்சுவர் முன்னால் நகர்ந்து வந்ததுபோல இருக்கும். கட்டைக்குப் பின்னால் கை நுழையுமா என்று முன்பக்கப் படத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. மேலிருந்து எடுத்த படம் ஒளிக்காமல் காட்டிவிடும். கண்ணாடிக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். இல்லாவிட்டால் அங்கே படியும் பாசியைச் சுரண்ட முடியாது.

தாம்பரம் பக்கத்து வீடுகளுக்கு வெறும் மணல் கூடுதல் அவசியம். இங்கே பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு கலந்த கடின நீர். தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. தினம் அரை லிட்டர் குறைந்து, அதைப் போர் தண்ணீரால் நிரப்பினால், நூறு நாளில் 50 லிட்டர் தண்ணீரின் உப்பு கூடுதலாக உள்ளே சேரும். ஏறக்குறைய இன்னொரு தொட்டி உப்பு! ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை டியூப் வைத்து உறிஞ்சி மாற்றுவதும் அவசியம். அப்போதுதான் அடியில் தங்கும் மீன் கழிவும் வெளியேறும். அந்த டியூபின் வாய் தரையைத் தொட வெறும் மணல் வேண்டுமே! முதல் படத்தில் அதற்கு ஒரு சாண் இடம்கூட இல்லை.

செடிகளும் படத்தில் இருப்பதுபோல அப்படியே நிற்பதில்லை. நாடா போன்ற இலையுள்ள வாலிஸ்னேரியா மணலுக்கடியில் தண்டு ஓட்டி, பக்கத்தில் புதுச் செடிகளைக் கிளப்பிக்கொண்டே போகும். பின்வரிசையில் நட்டது முன்மணலுக்கு வந்துவிடும்.

நண்பரிடம் இரண்டாவது அமைப்பைத்தான் சொன்னேன். நீங்களும் படம் பார்த்துத் தொட்டி அமைப்பதானால், மேலிருந்து எடுத்த படத்தையும் கேளுங்கள். படத்தில் நீர்மட்டத்தில் வெள்ளை உப்புக்கோடு தெரிந்தால் வேண்டாமென்று தள்ளாதீர்கள். அது பல நாள் ஓடிய தொட்டி.