ஓர் எண் மாறினால் போதும்

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், பிகிரிப்ட் போன்ற முறையில் ஹாஷாக மாற்றி வைப்பார்கள். அதன் உழைப்பு அளவு ஒன்று கூடினால் வேலை இருமடங்காகும். சோதனைகள் சீக்கிரம் முடியட்டும் என்று யாரோ செய்த மாற்றம் இப்படி வரும்:

```
- BCRYPT_COST = 12
+ BCRYPT_COST = 4
```

பார்க்க அற்பம்தான். ஆனால் தரவுத்தளம் திருடுபோனால், ஒவ்வொரு ஊகத்துக்கும் திருடனுக்கு 256 மடங்கு வேலை மிச்சம். தளம் வழக்கம்போல ஓடும். எந்தச் சோதனையும் தோற்காது. புதிதாகப் பதிவானவரின் ஹாஷ் `$2b$12$` என்பதற்குப் பதில் `$2b$04$` என்று தொடங்குவதே அடையாளம். எண்ணைத் திருத்தினாலும் பழைய ஹாஷ்கள் வலுப்பெறா. அவரவர் அடுத்து உள்நுழையும்போது புதிதாக்க வேண்டும்.

அமர்வுக் காலத்தில் சிக்கல் பெரும்பாலும் அலகில்தான். ஜாங்கோவின் `SESSION_COOKIE_AGE` நொடிக் கணக்கு. அரை மணி நேரத்தை மில்லிநொடி என நினைத்து 1800000 என்று எழுதினால், அமர்வு ஏறக்குறைய 21 நாள் நீடிக்கும். குக்கீயைப் பிரதியெடுத்து வைத்து, 31 நிமிடம் கழித்து அனுப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.