நில் என்றாலும் நிற்காத த்ரெட்

கணினியில் ஒரு பெரிய வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளை நகலெடுப்பதாக இருக்கலாம், பெரிய கணக்கு ஒன்றாக இருக்கலாம். போதும் என்று நினைத்து 'நிறுத்து' பொத்தானை அழுத்துகிறீர்கள். பொத்தான் அமுங்குகிறது, ஆனால் வேலை நிற்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் மின்விசிறி இரைகிறது. கடைசியில் முழு நிரலையும் வலுக்கட்டாயமாக மூடவேண்டியிருக்கிறது.

இப்படி நடக்கப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, அனுபவமுள்ள புரோகிராமர்களையே தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது. நிரலைப் படித்தால் தப்பே தெரியாது. எழுதியவரின் கணினியில் சரியாக ஓடும். வாடிக்கையாளரிடம் போனபின் தொங்கும். அது ஏன் என்று பார்ப்போம்.

ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கவேண்டும் என்றால், ஒவ்வொரு வேலையையும் ஒரு த்ரெட்டிடம் ஒப்படைப்பார்கள். ஒரு த்ரெட் கணக்குப் போடும், இன்னொன்று நீங்கள் அழுத்தும் பொத்தானைக் கவனிக்கும். எல்லா த்ரெட்டுகளுக்கும் நினைவகம் பொது. ஆகவே ஒன்றுக்கொன்று சேதி சொல்ல மிக எளிய வழி, பொது இடத்தில் ஒரு கொடியை வைப்பது. கொடி என்பது 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற இரண்டில் ஒரு மதிப்பு மட்டும் வைத்திருக்கும் சின்ன மாறி. பொத்தானை அழுத்தினால் ஒரு த்ரெட் கொடியை 'ஆம்' என்று மாற்றும். வேலை செய்யும் த்ரெட் ஒவ்வொரு சுற்றிலும் கொடியைப் பார்க்கும், 'ஆம்' என்றிருந்தால் நின்றுவிடும். ஜாவா மொழியில் அது இப்படி இருக்கும்:

```java
public class Nil {
    static boolean stop = false;

    public static void main(String[] a) throws Exception {
        new Thread(() -> {
            long n = 0;
            while (!stop) n++;
            System.out.println(n);
        }).start();

        Thread.sleep(1000);
        stop = true;
        System.out.println("stop = true");
    }
}
```

புதிய த்ரெட் `stop` என்ற கொடியைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறது. முதன்மை த்ரெட் ஒரு விநாடி தூங்கி எழுந்து கொடியை மாற்றுகிறது. படிக்கும் எவரும் ஒரு விநாடியில் முடியும் என்றுதான் சொல்வார்கள். இன்று பரவலாகப் பயன்படும் ஹாட்ஸ்பாட் ஜாவாவில் ஓட்டிப் பாருங்கள். `stop = true` என்ற வரி திரையில் வரும், ஆனால் எண்ணிக்கை வராது. எண்ணும் த்ரெட் ஓடிக்கொண்டே இருக்கும். ஜோஷுவா ப்ளாக் 'எஃபெக்டிவ் ஜாவா' நூலின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதையொத்த ஒரு நிரலைக் காட்டியிருக்கிறார்.

காரணம் கேட்டால் பலரும் சொல்லும் பதில் 'கேஷ்'. ப்ராசசரின் ஒவ்வொரு கோருக்கும் தனியாகச் சிறிய, வேகமான கேஷ் நினைவகம் உண்டு. ஒரு கோர் தன் கேஷில் பழைய மதிப்பையே வைத்துக்கொண்டு பார்க்கிறது, அதனால்தான் மாற்றம் தெரியவில்லை என்பது அந்த விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முடிவில்லாமல் நிற்காத இந்தக் கோளாறுக்கு அது காரணமில்லை. இன்றைய ப்ராசசர்களில் ஒரு கோர் ஓரிடத்தில் எழுதினால், மற்ற கோர்களின் கேஷில் உள்ள அதே இடத்தின் நகல் செல்லாது என்று அறிவிக்கப்படும். இதை வன்பொருளே செய்துவிடுகிறது. எழுதியது வெளியே தெரியக் கொஞ்சம் தாமதமாகலாம். அந்தத் தாமதம் ஒரு விநாடியில் மிக மிகச் சிறிய பங்கு. மணிக்கணக்கில் ஒரு த்ரெட் ஏமாறுவதற்கு வன்பொருளைக் குறை சொல்லக்கூடாது.

உண்மைக் காரணம் கம்பைலர். நாம் எழுதிய நிரலை ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது அது. மாற்றும்போதே வேகத்தையும் கூட்டப் பார்க்கும். நகைக்கடையில் பில் போடுபவர் காலையில் பலகையைப் பார்த்து அன்றைய தங்க விலையைத் தாளில் குறித்துக்கொள்கிறார். ஒவ்வொரு பில்லுக்கும் எழுந்துபோய்ப் பலகையைப் பார்ப்பதில்லை. விலை அடிக்கடி மாறும் என்று யாராவது சொல்லியிருந்தால் பார்ப்பார். சொல்லாவிட்டால் தாளை நம்பியே வேலையை முடிப்பார், மதியம் பலகையில் விலை மாறியிருந்தாலும். கம்பைலர் செய்வதும் இதைத்தான். மேலேயுள்ள சுற்றைப் பார்க்கிறது. உள்ளே `stop`-ஐ மாற்றும் வரி எதுவும் இல்லை. வேறு த்ரெட் இதை மாற்றக்கூடும் என்று நிரலில் யாரும் சொல்லவும் இல்லை. அப்படியிருக்க ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்துக்குப் போய் அதே மதிப்பைப் படிப்பது வீண் என்று முடிவு கட்டி, சுற்றை இப்படி மாற்றிவிடுகிறது:

```java
if (!stop)
    while (true) n++;
```

ஒருமுறை படித்தாயிற்று. இனி கொடியைப் பார்க்கும் கட்டளையே அந்தச் சுற்றில் கிடையாது. முதன்மை த்ரெட் கொடியை மாற்றுகிறது, மாறிய மதிப்பு நினைவகத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, ஆனால் அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

இது கம்பைலரின் பிழையா? இல்லை. மொழியின் விதிகள் இதற்கு இடம் தருகின்றன. இரண்டு த்ரெட்டுகள் ஒரே மாறியைத் தொட்டு, ஒன்றாவது அதில் எழுதினால், இடையில் முறையான ஒத்திசைவு இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் ஒன்று எழுதியதை மற்றொன்று பார்க்கும் என்ற உத்தரவாதத்தை மொழி தருவதில்லை. ஜாவாவின் தொடக்க கால நினைவக விதிகள் குழப்பமானவை. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பியூ போன்றவர்கள் அவற்றின் ஓட்டைகளை எடுத்துக்காட்டினார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 2004-இல் வந்த ஜாவா 5-இல் திருத்திய விதிகள் நடைமுறைக்கு வந்தன. மொழியின் அதிகாரபூர்வ விவரக்குறிப்பே இதேபோன்ற ஒரு சுற்றை எடுத்துக்காட்டாக வைத்து, கம்பைலர் அந்த மாறியை ஒரே ஒருமுறை படித்துவிட்டு அதையே பயன்படுத்தலாம் என்கிறது.

இந்தக் கோளாறு சோதனையில் தப்பிப்பதற்கும் காரணம் உண்டு. ஹாட்ஸ்பாட் தொடக்கத்தில் நிரலை வரிவரியாகப் படித்து ஓட்டும். அப்போது கொடியை ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாகவே பார்க்கும். ஒரு சுற்று பல்லாயிரம் முறை ஓடிய பிறகுதான், இது சூடான இடம் என்று கண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகமான வடிவத்துக்கு மாற்றும். மேலேயுள்ள நிரலில் 1000 என்பதை 1 ஆக்கினால் பெரும்பாலும் நிரல் ஒழுங்காக நின்றுவிடும். கம்பைலர் கைவைப்பதற்குள் கொடி மாறிவிடுகிறது. சின்னச் சோதனைகளில் சுற்று அவ்வளவு தூரம் போவதே இல்லை. வாடிக்கையாளரின் பெரிய வேலையில்தான் போகிறது.

இன்னொரு தொந்தரவு, தேடப் போனால் இது மறைந்துகொள்ளும். என்ன நடக்கிறது என்று பார்க்கச் சுற்றுக்குள் ஒரு `System.out.println` போடுவீர்கள். உடனே நிரல் சரியாகிவிடும். திரையில் எழுதும் அந்த வேலை உள்ளே ஒரு பூட்டைப் போட்டுத் திறக்கிறது, அதைத் தாண்டிப் பழைய மதிப்பை வைத்துக்கொள்ளக் கம்பைலர் துணிவதில்லை. அந்த வரியை எடுத்தால் கோளாறு திரும்பி வரும். சுற்றுக்குள் `Thread.sleep` போட்டாலும் பெரும்பாலும் சரியானதுபோலத் தெரியும். சிலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது தீர்வே இல்லை. தூக்கத்துக்கு ஒத்திசைவுப் பொருள் கிடையாது என்று மேலே சொன்ன விவரக்குறிப்பு தெளிவாகவே சொல்கிறது. இன்று வேலை செய்வது அடுத்த பதிப்பில் செய்யாமல் போகலாம்.

அப்படியானால் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் ப்ராசசரைப் பாருங்கள். ஒரு கோர் முழுவதும் ஒரே த்ரெட்டில் மூழ்கியிருந்தால் சந்தேகப்படலாம். இரண்டு த்ரெட்டுகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து முடங்கியிருந்தால் ப்ராசசர் சும்மா இருக்கும், இங்கே அப்படியில்லை. அடுத்து `jstack` கட்டளையால் த்ரெட்டுகளின் நிலையைச் சில விநாடி இடைவெளியில் எடுத்துப் பார்த்தால், அந்த த்ரெட் எப்போதும் `RUNNABLE` என்ற நிலையில், அதே சுற்றிலேயே இருக்கும். பிறகு வேகமான வடிவத்துக்கு மாற்றுவதையே தடுத்து ஓட்டுங்கள்:

```
java -Xint Nil
```

இப்போது ஒரு விநாடியில் நின்றால், சுற்றிலிருந்து கொடி வெளியே தூக்கப்பட்டிருக்கிறது என்ற சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

சரிசெய்ய ஒரு சொல் போதும்:

```java
static volatile boolean stop = false;
```

`volatile` என்றால், இதை வேறு த்ரெட்டும் மாற்றும், ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே படி என்று கம்பைலரிடம் சொல்வது. இதனால் வேகம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சாதாரண இன்டெல் வகை ப்ராசசர்களில் இப்படிப் படிப்பது மற்ற எந்தப் படிப்பையும் போல ஒரே கட்டளைதான். எழுதுவதுதான் சற்றுச் செலவு, கொடியை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதுகிறோம். கூடுதல் நன்மையும் உண்டு. கொடியை மாற்றுவதற்கு முன்னால் அந்த த்ரெட் எழுதிய மற்றவையும், மாறிய கொடியைப் பார்த்த த்ரெட்டுக்குத் தெரியவரும். 'முடிவு தயார்' என்று கொடி காட்டும் இடங்களில் இது மிக அவசியம். இது இல்லாவிட்டால் கொடி தெரிந்து, முடிவு தெரியாமல் போகலாம்.

`synchronized` என்று பூட்டுப் போட்டும் செய்யலாம். அப்போது எழுதும் இடத்தில் மட்டும் போட்டால் போதாது, படிக்கும் இடத்திலும் அதே பூட்டு வேண்டும். இந்த ஒரு பக்கப் பூட்டை நிறைய நிரல்களில் பார்க்கலாம்.

`volatile`-க்கு எல்லை உண்டு. அது எண்ணிக்கையைக் காப்பாற்றாது. இரண்டு த்ரெட்டுகள் ஒரே எண்ணைக் கூட்டினால், படித்துக் கூட்டி எழுதும் மூன்று படிகளுக்கு நடுவே ஒன்று மற்றொன்றின் கூட்டலை அழித்துவிடும். அதற்கு `AtomicInteger` போன்றவை வேண்டும். தூங்கும் த்ரெட்டையும் அது எழுப்பாது. வரிசையில் அடுத்த வேலை வரும்வரை காத்திருக்கும் த்ரெட்டுக்குக் கொடி எவ்வளவு சரியாக மாறினாலும் தெரியாது, `interrupt()` என்று தட்டி எழுப்பவேண்டும். சி++ எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அங்கே `volatile` என்ற அதே சொல்லுக்கு த்ரெட்டுகளோடு தொடர்பில்லை. 2011-இல் வந்த தரநிலை முதல் அதற்கென்று இருப்பது `std::atomic<bool>`.

நிரல் எழுதுபவர்கள் தங்கள் பழைய நிரல்களில் `stop`, `running`, `done` என்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். இரண்டு த்ரெட்டுகள் தொடும் கொடி எதுவாவது வெறும் `boolean` ஆக நிற்கிறது என்றால், இதுவரை அது சரியாக ஓடியிருந்தாலும், இன்றைக்கே திருத்திவிடுங்கள்.