ஒரு கோபாலா, நான்கு கோபாலா?

காந்தி தெரு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. அப்படி ஒரு தெருவில் நகராட்சியின் சொத்துவரிப் பட்டியல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி: கே. கோபால், 14, காந்தி தெரு. இரண்டாவது: கோபால் த/பெ கந்தசாமி, 14/3, காந்தி வீதி. மூன்றாவது: கோபால்.கே, புதிய எண் 27, காந்தி ரோடு. நான்காவது: கே. கோபால், 41, காந்தி தெரு. நான்கு வரிவிதிப்பு எண்கள். செல்பேசி எண் ஒன்றில்தான் இருக்கிறது. அதிலும் ஒரு இலக்கம் குறைகிறது.

கணினியைக் கேட்டால் நான்கு உரிமையாளர்கள் என்கும். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆள்தான் என்பார். இரண்டுமே தவறாக இருக்கலாம்.

பல வருடங்களாகப் பல கைகள் பதிந்த பட்டியல் இது. பேரேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது ஒருவர் இனிஷியலை முன்னால் போட்டார், இன்னொருவர் பின்னால் போட்டார். இதைச் சுத்தம் செய்ய உட்காருபவர் முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்வார். திருத்திய பெயரும் முகவரியும் தனிப் பத்திகளில் ஏறும். பழையது பக்கத்திலேயே நிற்கும். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் எது எப்படி மாறியது என்று காட்ட வேண்டுமே.

கோப்பைத் திறப்பதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. எக்செல் 14/3 என்ற கதவு எண்ணைப் பார்த்ததும் தேதி என்று நினைத்து 14-Mar என்று மாற்றிவிடும். இதையாவது திருப்பி எழுதிவிடலாம். 5/7 என்ற எண் ஒரு கணினியில் ஜூலை 5 ஆகும். அமெரிக்க முறையில் தேதி வைத்திருக்கும் கணினியில் மே 7 ஆகும். அதன் பிறகு அந்த வீடு 5/7-ஆ, 7/5-ஆ என்று கோப்பை வைத்துச் சொல்ல முடியாது. பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும். முன்னால் 91 சேர்த்த செல்பேசி எண் 9.19E+11 என்று சுருங்கும். அப்படியே சி.எஸ்.வி கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். அதனால் கதவு எண், செல்பேசி எண் இரண்டையும் எண்களாக அல்ல, எழுத்துகளாகவே இறக்க வேண்டும்.

அடுத்தது முகவரி. பெயருக்கு முன்னால் முகவரியைச் சரிசெய்ய ஒரு காரணம் உண்டு. 10,000 வரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 5 கோடி ஜோடிகள் வரும். தெருவுக்கு 50 வரி வீதம் 200 தெருக்களாகப் பிரித்துவிட்டால், தெருவுக்குள் ஒப்பிட வேண்டியவை மொத்தம் 2,45,000 ஜோடிகள்தான். அதற்கு வார்டு வாரியாக ஒரு தெருப்பட்டியல் வேண்டும். காந்தி வீதி, காந்தி ரோடு, எம்.ஜி. தெரு எல்லாம் ஒரே தெருவா என்பதை எழுத்து ஒற்றுமை முடிவு செய்யாது. அந்த வார்டில் வரி வசூலித்த பில் கலெக்டர்தான் சொல்ல வேண்டும். பழைய எண், புதிய எண், மாடி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி.

இப்போது பெயர். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் செய்யும் வேலை எளிது: நிறுத்தக்குறிகளை எடுத்துவிட்டு, சொற்களை அகரவரிசையில் அடுக்கி, ஒரே மாதிரி வருபவற்றை ஒரு கூட்டமாகக் காட்டும். ‘கே. கோபால்’ என்பதும் ‘கோபால் கே’ என்பதும் ஒன்றாகிவிடும். ஆனால் இடைவெளி இல்லாத ‘கோபால்.கே’ என்பதில் முற்றுப்புள்ளியை வெறுமனே அழித்தால் ‘கோபால்கே’ என்று ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே அந்த இடத்தில் ஓர் இடைவெளி வைத்துவிட வேண்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு துண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் பாதி கோபால்கள் அகப்படமாட்டார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்களின் எழுத்து நீளம் வேறு வேறாக வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். என்.எஃப்.சி என்னும் யூனிகோடு ஒழுங்குமுறையை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் ஒத்துப்போவது சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. கனடாவின் புள்ளியியல் துறையில் இருந்த ஃபெல்லெகி, சண்டர் இருவரும் 1969-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வேலைக்கு இன்றும் அடிப்படை. ஜோடிகளை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: நிச்சயம் ஒன்று, நிச்சயம் வேறு, மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. ஒவ்வோர் ஒற்றுமைக்கும் ஒரு எடை உண்டு. கோபால் என்ற பரவலான பெயர் பொருந்தினால் எடை குறைவு. அபூர்வமான பெயர் பொருந்தினால் அதிகம்.

காந்தி தெருவுக்குத் திரும்பினால், 14-ஆம் எண்ணும் 14/3-உம் ஒரே கட்டடம். குடிநீர் இணைப்புப் பதிவேட்டில் 14-ஆம் எண் கோபாலின் தகப்பனார் பெயர் கந்தசாமி. எனவே முதல் இரண்டு வரிகளும் ஒரே ஆள். 41-ஆம் எண்ணின் பத்திர நகலில் தகப்பனார் கிருஷ்ணன். அவருக்கும் இனிஷியல் ‘கே’தான், ஆனால் வேறு ஆள். இவரை முன்னவரோடு சேர்த்திருந்தால் ஒருவரின் நிலுவைக்கு இன்னொருவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கும். சேர்க்காமல் விட்ட பிழையைப் பிறகும் சரிசெய்யலாம். தவறாகச் சேர்த்ததைப் பிரிப்பது பெரும்பாடு. அதனால்தான் ஒவ்வோர் இணைப்பையும் யார், என்று, எந்த ஆதாரத்தில் செய்தார் என்று குறித்து வைக்கிறார்கள்.

மூன்றாவது வரிதான் வில்லங்கம். தெருவுக்கு மறு எண் போட்டபோது 14 என்பது 27 ஆகியிருக்கிறது. அதைப் புது வீடு என்று யாரோ இன்னொரு முறை பதிந்துவிட்டார்கள். அடையாளம்: ஒரு வரிவிதிப்பு எண்ணில் அரையாண்டுதோறும் பணம் ஒழுங்காக வருகிறது, இன்னொன்றில் ஒரு ரசீதுகூட இல்லாமல் நிலுவை ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் இதைக் கணினியில் உட்கார்ந்தபடி அழித்துவிட முடியாது. நேரில் போய்ப் பார்த்து, அதிகாரி உத்தரவு போட்ட பிறகே நீக்கலாம். ஆளைச் சேர்ப்பது ஒரு வேலை, சொத்தை நீக்குவது வேறு வேலை. உரிமையாளர் பட்டியலையும் சொத்துப் பட்டியலையும் தனித்தனியாக வைத்து இரண்டையும் எண்களால் இணைப்பது இதற்காகத்தான்.

செல்பேசி எண் விடுபட்ட இடத்தை ஊகித்து நிரப்ப வழியே இல்லை. இந்திய செல்பேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். தொடக்கம் 6 முதல் 9-க்குள். இந்தச் சோதனையில் 9999999999 என்பதும் தேறிவிடும். ஆகவே ஒரே எண் எத்தனை பெயர்களுக்கு எதிரே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பது நாற்பது பேருக்கு ஒரே எண் இருந்தால், அது விண்ணப்பம் போட்டுக்கொடுத்த கணினி மையத்தின் எண்ணாக இருக்கும். தப்பான எண்ணை எடுத்துவிட்டுக் காலியாக விடுவதே மேல். பிறகு குடிநீர்ப் பதிவேட்டில் தேடலாம், வரி கட்ட வரும்போது கேட்டு வாங்கலாம். கிடைத்த எண் உரிமையாளருடையதா, மகனுடையதா, குடியிருப்பவருடையதா என்பதையும், வாங்கிய தேதியையும் கூடவே எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கணக்குப் பார்க்கிறார்கள். உரிமையாளர் எண்ணிக்கை குறையலாம். ஆனால் சொத்துகளின் எண்ணிக்கையும் மொத்த வரிக் கேட்பும், உத்தரவின்படி நீக்கியவை போக, பழையபடியே இருக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும், ஆளைச் சேர்க்கிறேன் என்று யாரோ ஒரு வீட்டைத் தூக்கிவிட்டார்கள்; இணைப்புக் குறிப்பேட்டைத் திறந்து அது எந்த வரி என்று தேட வேண்டியதுதான்.